வெறும் வானத்தில் ஒரு மங்கல் சூரியன்: வட்டத்தைக் கடைசியில் வையுங்கள்

கேள்வி: உப்புவெளிக் கரையில விடியக்காலமை எடுத்த படம். மூடாக இருந்ததால வானம் ஒண்டுமில்லாமல் வெளிறிக் கிடக்குது. முன்னால மணலில ஒரு வள்ளம், வலப்பக்கம் தூரத்தில கோணேசர் மலை. கீழ்வானத்தில ஒரு மங்கல் சூரியனை வைச்சுப் பார்த்தன். ஒட்டின பொட்டு மாதிரித்தான் தெரியுது, சுத்திவர இளஞ்சிவப்பா ஒரு வளையமும் வருது. போட்டோஷொப்பில ஒளி பரவி, தரையிலயும் வெதுவெதுப்பா விழுற மாதிரி, இதை நம்புற மாதிரி எப்படிச் செய்யிறது? ஃபுல் ஃப்ரேம் கமெரா, 24 மி.மீ. லென்ஸ், படம் 6000 பிக்சல் அகலம்.

பதில்:

நீங்கள் வரைந்த வட்டத்தில் பெரிய குற்றம் இருக்காது. அதன் பின்னால் இருக்கும் வானம்தான் சூரியனை ஏற்கும் நிலையில் இல்லை. மூடிய காலையில் எடுத்த வானம் பெரும்பாலும், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 214, 222, 230 என்ற அளவில், அதாவது ஏற்கெனவே மிக வெளிச்சமாகவும் இலேசான நீலச் சாயலோடும் பதிவாகியிருக்கும். திரையில் ஒரு புள்ளி 255-க்கு மேல் போகாது என்பதால், 225-இல் நிற்கும் வானத்தில் சூரியனுக்கு மிஞ்சியிருப்பது வெறும் 30 படிகள். அதற்குள் எந்த ஒளியையும் காட்ட முடியாது. ஆகவே முதலில் வானத்தை இறக்க வேண்டும், அடுத்து அதிலுள்ள நீலத்தைக் குறைக்க வேண்டும், பிறகு ஒளிப்பரவலை வெளியிலிருந்து உள்நோக்கிக் கட்ட வேண்டும். சூரிய வட்டம் அதற்குப் பின்னர்தான் வரும். கடலும் மணலும் வள்ளமும் கடைசியில் நிறம் பெறும்.

அந்த இளஞ்சிவப்பு வளையத்தின் காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் காணலாம். செம்மஞ்சள் ஒளியை, உதாரணமாக 255, 150, 60 என்ற நிறத்தை, `Screen` முறையில் மேற்சொன்ன வானத்தின் மீது வைத்தால் விளைவு 255, 241, 236 ஆகிறது. இது செம்மஞ்சள் அல்ல. இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெள்ளை. அதே ஒளியைப் பாதி வலுவில் வைத்தால் 235, 232, 233 கிடைக்கும், அதாவது ஏறத்தாழச் சாம்பல். நீங்கள் எவ்வளவு அடர்த்தியான செம்மஞ்சளைத் தெரிவு செய்தாலும் கீழே இருக்கும் நீலம் அதை விழுங்கிவிடும், ஏனெனில் `Screen` ஒளியைக் கூட்டுமே தவிர இருப்பதை எடுக்காது. ஆனால் உண்மையான மங்கல் காற்று எடுக்கவும் செய்கிறது. அடிவானத்திலிருந்து 4 பாகை உயரத்தில் நிற்கும் சூரியனின் ஒளி, அது தலைக்கு மேல் நிற்கும்போது கடக்கும் காற்றைப் போல ஏறத்தாழ 12 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் எஞ்சுகின்றன. இந்தக் கழித்தலை நாம் முன்கூட்டியே கையால் செய்ய வேண்டியிருக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் சூரியன் எங்கே நிற்கலாம் என்பதைத் தீர்மானியுங்கள். வெளியூர்க்காரர் கவனிக்க மாட்டார். திருகோணமலைக்காரர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலுக்கு மேலே தெரிவது உதயம் மட்டுமே. அந்திச் சூரியனை நீருக்கு மேல் காட்ட விரும்பினால், நகரப் பக்கமிருந்து மேற்கு நோக்கி உட்துறைமுகத்தைப் பார்த்து எடுத்த படம் வேண்டும். சூரியன் ஜூன் மாதக் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளியும், டிசம்பர்க் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் எழும். உப்புவெளியில் நின்றால் கோணேசர் மலை தென்கிழக்கில் தெரிவதால், டிசம்பரில்கூட அங்கிருந்து பார்ப்பவருக்குச் சூரியன் மலைக்கு இடப்பக்கமாகத்தான் எழும். மலையின் கோபுரத்துக்குப் பின்னால் சூரியனைச் செருகுவது அழகாக இருக்கலாம், ஆனால் அந்தக் கரையிலிருந்து அப்படி ஒரு காலை வராது. பங்குனி மாதத்துப் படம் என்றால் நேர்கிழக்கில் வையுங்கள். உங்கள் படத்தில் அது நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக வரும் என்று நினைக்கிறேன்.

உயரத்தையும் அளவையும் ஊகிக்கத் தேவையில்லை, கணக்கிடலாம். படத்தின் அகலத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கி, ஃபுல் ஃப்ரேம் சென்சரின் மில்லிமீற்றர் அகலமான 36-ஆல் வகுத்தால், உங்களுக்கு 6000 × 24 ÷ 36 = 4000 கிடைக்கும். சூரியனின் தோற்ற விட்டம் அரைப்பாகைக்குச் சற்று மேல், அதாவது 0.0093 ரேடியன், என்பதால், இந்த 4000-ஐ 0.0093-ஆல் பெருக்கினால் 37 வரும். உங்கள் படத்தில் சூரிய வட்டத்தின் உண்மையான அளவு 37 பிக்சல்தான். பலருக்கு இது நம்ப முடியாத அளவு சிறியதாகத் தோன்றும், ஏனெனில் அடிவானத்தருகே இருக்கும் சூரியனை நம் கண் பெரிதாக எண்ணிக்கொள்கிறது. லென்ஸ் அப்படி எண்ணுவதில்லை. 200 மி.மீ. லென்ஸில் அதே சூரியன் 310 பிக்சல் அளவில் விழும். பெரிய சூரியன் வேண்டுமென்றால் அந்த லென்ஸில் எடுத்த படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வள்ளம் முழுவதும் அகலமாகத் தெரியும் 24 மி.மீ. படத்தில் தட்டளவு சூரியனை வைத்தால், என்ன பிழை என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பிழை என்று தெரிந்துவிடும். உயரத்தைப் பொறுத்தவரை, அதே 4000 என்ற எண்ணின்படி ஒரு பாகை ஏறத்தாழ 70 பிக்சல். 4 பாகை உயரம் என்றால் அடிவானக் கோட்டுக்கு மேல் 280 பிக்சல். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக ஏறுகிறது, ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் அல்லது சற்று மேல் எடுக்கும். அதாவது நீங்கள் காட்டப்போவது உதயத்துக்குப் பிறகு கால் மணித்தியாலம் கழிந்த வானம்.

இன்னொரு தீர்மானம் பாக்கியிருக்கிறது, மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் படங்கள் கெடுகின்றன. மங்கல் சூரியன் இரண்டு வகை. மென்மையான மங்கலில் சூரியன் கமெராவின் எல்லையை மீறிய வெளிச்சத்தோடு இருக்கும். அதற்கு விளிம்பு தெரியாது, வட்டத்தின் உண்மை அளவைப் போல மூன்று நான்கு மடங்கு பரப்பில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும், அதைச் சுற்றிப் பெரிய ஒளிப்பரவல் இருக்கும். அடர்ந்த மங்கலில் சூரியன் வெறுங்கண்ணுக்கே செம்மஞ்சள் தட்டாகத் தெரியும். விளிம்பு ஓரளவு தெளிவாக இருக்கும், ஆனால் ஒளிப்பரவல் மிகக் குறைவு, தரையில் நிழலும் விழாது. கடையில் விற்கும் ஒட்டுப் படங்களிலும் திருமண அல்பங்களிலும் இவ்விரண்டையும் கலந்துவிடுகிறார்கள்: விளிம்பு கூர்மையான செம்மஞ்சள் தட்டு ஒன்று, அதைச் சுற்றி வானத்தில் பாதியை நிரப்பும் ஒளி. அத்தனை ஒளி பரவும் அளவுக்கு வலுவான சூரியனுக்கு விளிம்பு தெரியாது. விளிம்பு தெரியும் அளவுக்குத் தணிந்த சூரியனால் அவ்வளவு ஒளி தர முடியாது. நீங்கள் கேட்பது ஒளிப்பரவலும் தரையில் வெதுவெதுப்பான நிறமும் என்பதால் மென்மையான மங்கலையே எடுத்துக்கொள்வோம்.

இனி வேலை. முதலில் படத்தை `Image > Mode > 16 Bits/Channel` என்பதற்கு மாற்றுங்கள். எட்டு பிட்டில் இவ்வளவு நீண்ட நிறச்சரிவுகளைச் செய்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு வழிகாட்டிக் கோடுகளை இழுத்து, அவை வெட்டும் இடத்தைச் சூரியனின் நடுவாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் ஒவ்வொரு லேயரும் இந்தப் புள்ளியையே நடுவாகக் கொள்ள வேண்டும். நாலைந்து பிக்சல் விலகினாலும் உள்வட்டத்தில் அது தெரியும்.

முதல் லேயர் ஒரு `Curves`. கோட்டின் வலப்பக்க மேல் முனையைப் பிடித்து `Output` 190 வரும்வரை நேராக இறக்குங்கள். வானம் 159, 165, 171 என்ற அளவுக்கு வரும். சூரியனைச் சேர்க்க வந்து வானத்தை இருட்டாக்குவது தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் சூரியனை நேராகப் பார்க்கும் கமெரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் பதிவைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும், அதனால் மற்றவை எல்லாம் மங்கிப்போகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்த இறக்கம் கடலுக்கும் வேண்டும், ஏனெனில் கடல் வானத்தைத்தான் பிரதிபலிக்கிறது. வானத்தின் மேல் மூலைகளில் இன்னும் சற்று இறக்கி, 125 அளவில் விடலாம். கோடு நேராக இறங்குவதால் கறுப்புகள் அதிகம் மாறாது, அது நமக்கு வேண்டியதே.

இரண்டாவது `Curves` நீலத்தைக் கழிப்பதற்கு. `Blue` அலைவரிசையில் மேல் முனையை 180-க்கும், `Green`-இல் 228-க்கும் இறக்குங்கள், சிவப்பைத் தொடவேண்டாம். சூரியன் வரப்போகும் இடத்தில் வானம் இப்போது 159, 148, 121 ஆகியிருக்கும், அழுக்கு மணல் போன்ற நிறம். இந்த லேயரை வானம் முழுவதற்கும் விடக் கூடாது. மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்பி, சூரியனை நடுவாகக் கொண்டு ஒரு வட்டச் சரிவை வெள்ளையில் இட்டு, `Ctrl+T` கொண்டு அதைக் கிடையாக இழுத்துப் படுத்த நீள்வட்டமாக்குங்கள். மங்கல் அடிவானத்தை ஒட்டியே தடித்திருக்கும், மேலே போகப் போக மெலியும் என்பதால், நிறமும் இடம் வலமாக அகன்று, மேல்நோக்கி விரைவில் தணிய வேண்டும். மேல் மூலைகளில் பழைய நீலச்சாம்பல் அப்படியே இருக்கட்டும். அது இருந்தால்தான் கீழே உள்ளது வெதுவெதுப்பாகத் தெரியும். இப்போது முன்னே சொன்ன பாதி வலுவான செம்மஞ்சளை இதன் மேல் `Screen`-இல் வைத்தால் 207, 179, 137 கிடைக்கும். அதே ஒளி, அதே முறை, ஆனால் இம்முறை நிறம் நிற்கிறது.

மூன்றாவதாக ஒளிப்பரவல். இதை ஒரே சரிவால் செய்ய முயலாதீர்கள். உண்மையான மங்கலில் ஒளி சூரியனுக்கு அருகில் மிகச் செங்குத்தாக விழுந்து, அப்புறம் மிக நீண்ட வாலாக நெடுந்தூரம் போகும். காற்றிலுள்ள ஈரமான உப்புத் துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறச் செய்வதால், சூரியனை ஒட்டிய திசைகளில் ஒளி குவிகிறது. ஒரே சரிவில் இந்த இரண்டையும் பிடிக்க முடியாது: அருகில் சரியாக்கினால் வால் அறுந்துபோய் வட்ட விளிம்பு தெரியும், வாலைச் சரியாக்கினால் அருகில் சப்பையாகிவிடும். ஆகவே மூன்று தனி லேயர்கள், மூன்றும் `Screen`. ஒவ்வொன்றிலும் `Hardness` 0 ஆன மென்பிரஷ்ஷால் வழிகாட்டிக் கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரே ஒரு முறை சொடுக்கி, பிறகு `Ctrl+T` கொண்டு நடுப்புள்ளி மாறாமல் வேண்டிய அளவுக்குப் பெருப்பியுங்கள்.

வெளி லேயரின் நிறம் மங்கிய பழுப்பு, 120, 72, 34. அதன் அகலம் படத்தின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 9000 பிக்சல், உயரம் 5000 அளவில் படுத்த நீள்வட்டம், `Opacity` 60. `Screen` முறையில் இருண்ட நிறம் என்றால் குறைந்த ஒளி என்று பொருள், ஆகவே பழுப்பைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நடு லேயர் 200, 130, 60, ஏறத்தாழ 2000 பிக்சல் விட்டம், `Opacity` 50. உள் லேயர் 255, 214, 140, 450 பிக்சல், `Opacity` 80. மூன்றும் சேர்ந்ததும் நடுவில் 247, 233, 194 வரும்: வெள்ளைக்குக் கிட்டிய இளமஞ்சள். வெளியே போகப் போக மஞ்சள் செம்மஞ்சளாகி, பழுப்பாகி, பின்பு வானத்தின் சாம்பலில் கரையும். நிறத்தின் இந்த வரிசையைக் குழப்ப வேண்டாம். நடுவில் செம்மஞ்சளும் வெளியே மஞ்சளும் வரைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விளக்குக் கூண்டுபோல இருக்குமே தவிரச் சூரியன்போல இராது.

இப்போதுதான் வட்டம். மேலே ஒரு புதிய லேயரில், 255, 248, 228 நிறத்தில், 120 பிக்சல் அளவான மென்பிரஷ்ஷால் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான். மென்பிரஷ்ஷின் விளிம்பு தானாகவே கரைவதால், முழு வெள்ளையாகத் தெரிவது இதன் நடுப்பகுதி மட்டுமே. 37 பிக்சல் சூரியனை அதன் ஒளி விழுங்கிய தோற்றம் அதனால் கிடைக்கும். கதிர்க் கீற்றுகளோ, லென்ஸுக்குள் ஒளி சிதறுவதால் வரும் வண்ணப் பொட்டுகளோ தேவையில்லை. நட்சத்திரக் கீற்றுகள் வருவதற்கு ஒளிமூலம் சிறிய, தெளிவான, மிக வலுவான புள்ளியாக இருக்க வேண்டும். மங்கல் அந்தப் புள்ளியைத்தான் முதலில் குலைக்கிறது.

வானம் முடிந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சூரியனைப் படத்தின் உள்ளே நிறுத்துவது அதற்கு முன்னால் இருக்கும் பொருள்கள்தான். கோணேசர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். `Select > Sky` கொண்டு வானத்தைத் தெரிவு செய்து, எல்லா ஒளி லேயர்களுக்கும் அதையே மாஸ்க்காகப் போட்டால், மலை கத்தரித்து ஒட்டியதுபோல இருண்டு நிற்கும். மங்கல் மலைக்குப் பின்னால் மட்டும் இல்லை. உங்களுக்கும் மலைக்கும் இடையிலும் கிலோமீற்றர் கணக்கில் இருக்கிறது, அதன் ஒவ்வொரு துகளும் சூரிய ஒளியை உங்கள் பக்கம் சிதறச் செய்கிறது. ஆகவே வெளி லேயருக்கு மாஸ்க்கே வேண்டாம். அது வானம், மலை, கடல் எல்லாவற்றின் மீதும் படியட்டும். நடு லேயரை மலையின் மீது பாதியளவுக்கு மறையுங்கள். உள் லேயரும் வட்டமும் மட்டுமே முன்னாலுள்ள பொருளால் முழுக்க மறைக்கப்பட வேண்டியவை, உங்கள் படத்தில் அவை எதையும் தொடவில்லை. இப்படிச் செய்ததும் மலையின் கறுப்பு, 30-லிருந்து 80, 90 அளவுக்கு எழுந்து, சூரியனை நோக்கிய இடப்பக்கச் சரிவில் வலப்பக்கத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். எழவில்லையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு `Curves` வைத்து, இடப்பக்கக் கீழ் முனையை மேலே தூக்குங்கள். வள்ளமோ சில மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதன் கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் கறுப்பு எழுவதும், அருகில் அது ஆழமாகவே இருப்பதும்தான் மங்கலைக் கண்ணுக்கு உணர்த்துகின்றன.

கடலில் ஒளிப்பாதை சூரியனுக்கு நேர் கீழே, செங்குத்தாக வர வேண்டும். பார்ப்பவரை நோக்கிச் சாய்வாக வரைய மனம் இழுக்கும். ஆனால் கமெரா மட்டமாக இருந்திருந்தால் அந்தப் பாதை படத்தில் நேர்குத்தாகவே இறங்கும்; சாய்ந்தால் சூரியன் வேறிடத்தில் இருக்கிறது என்று ஆகிவிடும். இதற்கு மென்பிரஷ்ஷால் ஒரு வெளிச்சப் பட்டை தீட்டினால் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகும். மாறாக, ஒரு புதிய லேயரை `Color Dodge` முறைக்கு மாற்றி, `Fill` 35 அளவில் வைத்து, மங்கிய செம்மஞ்சளால் சூரியனுக்கு நேர் கீழே தீட்டுங்கள். இந்த முறை ஏற்கெனவே வெளிச்சமான இடத்தை அதிகமாகவும் இருண்ட இடத்தைக் குறைவாகவும் தூக்குவதால், அலைகளின் முகடுகள் மட்டும் மின்னும், பள்ளங்கள் இருட்டாகவே இருக்கும். இன்னும் கட்டுப்பாடு வேண்டுமானால், லேயரை இருமுறை சொடுக்கி `Blend If` பகுதியில் `Underlying Layer` என்பதன் கறுப்பு முக்கோணத்தை `Alt` அழுத்தியபடி பிரித்து வலப்பக்கம் இழுங்கள். முகடுகளுக்கு மட்டும் ஒளி ஒதுங்கும். அடிவானத்தருகே பாதை தொடர்ச்சியாகவும் வலுவாகவும் இருக்கட்டும், கரைக்குக் கிட்ட வரும்போது துண்டு துண்டாகச் சிதறட்டும். அலை பின்வாங்கிய ஈர மணலில் மட்டும் அது மீண்டும் மென்மையான ஒரே திட்டாகத் தோன்றும், ஏனெனில் அங்கே நீர்ப்பரப்பு மட்டமாக இருக்கிறது.

வெதுவெதுப்பு தரையில் விழும் விதத்தில்தான் அதிக படங்கள் தோற்கின்றன. `Photo Filter` ஒன்றை எடுத்துப் படம் முழுவதற்கும் செம்மஞ்சள் பூசிவிடுவது எல்லோரும் செய்யும் வேலை. அதனால் மொத்தப் படமும் பழைய அல்பம்போல மஞ்சளிக்குமே தவிரச் சூரியன் வந்ததாகத் தெரியாது. சூரியன் எதிரே நிற்கும்போது, நம்மை நோக்கிய பக்கங்கள் சூரியனைப் பார்ப்பதில்லை; அவற்றுக்கு ஒளி தருவது நமக்குப் பின்னாலுள்ள மேற்கு வானம், அது நீலச்சாம்பல். ஆகவே வள்ளத்தின் நம் பக்கப் பலகையை ஒரு `Curves` கொண்டு சற்று இருட்டாக்கி, நீலச் சாயலை அப்படியே விடுங்கள். வெதுவெதுப்பு சேர வேண்டியது சூரியனைப் பார்க்கும் பரப்புகளில்: வள்ளத்தின் மேல் விளிம்பு, அதில் சுருட்டிப் போட்டிருக்கும் கயிற்றின் முதுகு, மணலில் காலடித் தடங்களின் நம் பக்கச் சரிவு. அந்தக் கடைசி விடயத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். தடம் ஒரு குழி. கிழக்கிலிருந்து தாழ்வாக வரும் ஒளி குழியின் கிழக்குச் சுவரைத் தாண்டி, மேற்குச் சுவரில், அதாவது நமக்குக் கிட்டிய சுவரின் உட்புறத்தில்தான் விழும். மணல் மேட்டுக்கு இது நேர்மாறு: ஒளி மேட்டின் அப்பாலுள்ள பக்கத்தில் விழும், நம் பக்கம் நிழலாகும். இவற்றை ஒரு `Soft Light` லேயரில், 255, 190, 120 நிறத்தில், 10 முதல் 15 வரையான `Flow` கொண்ட சிறு பிரஷ்ஷால் கையால்தான் தீட்ட வேண்டும். வள்ளத்தின் விளிம்புக்கு மட்டும் மூன்று நான்கு பிக்சல் அகலத்தில் `Screen` முறையில் ஒரு கோடு இழுத்து, அதை `Gaussian Blur` 1 அளவில் இலேசாகக் கரைத்தால் போதும். கோடு சூரியனுக்கு நேரான பகுதியில் வலுவாகவும் விலகிய பகுதியில் மெலிந்தும் இருக்கட்டும்.

நிழல் போட வேண்டுமா என்றால், மென்மையான மங்கலில் போட வேண்டும், ஆனால் விளிம்பு மிகக் கரைந்ததாக. நிழல்கள் எல்லாம் சூரியனுக்கு நேர் கீழே அடிவானத்திலுள்ள புள்ளியிலிருந்து விரிந்து நம்மை நோக்கி வரும். 4 பாகை உயரச் சூரியனில் ஒரு மீற்றர் உயர வள்ளத்தின் நிழல் 14 மீற்றர் நீளும். ஆகவே உங்கள் படத்தில் அது சட்டத்தின் கீழ் விளிம்பைத் தாண்டியே போய்விடும், முடிவை வரைய வேண்டிய சிரமம் இல்லை. மூடிய காலையில் எடுத்ததால் மூலப்படத்தில் வேறு நிழல் இல்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். நண்பகலில் எடுத்து, வள்ளத்துக்குக் கீழே கறுத்த குட்டை நிழலோடு இருக்கும் படத்தில் இந்த வேலை எதுவும் பலிக்காது. அந்த நிழலை அழித்தாலும், வெயில் பட்டு மினுங்கும் பலகை காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் கண்ணை நம்பாமல் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக `Posterize` லேயர் ஒன்றை வைத்து, `Levels` 12 என்று கொடுங்கள். வானம் படி படியாகப் பிரிந்து, ஒளி எப்படி விழுகிறது என்பதை வளையங்களாகக் காட்டும். சூரியனுக்கு அருகில் வளையங்கள் நெருக்கமாகவும் வட்டமாகவும், வெளியே போகப் போக அகன்றும் அடிவானத்தோடு படுத்தும் இருக்க வேண்டும். ஏதோ ஓரிடத்தில் இரண்டு வளையங்கள் திடீரென்று ஒட்டிக்கொண்டால், அங்கே ஒரு லேயரின் விளிம்பு தெரிகிறது என்று அர்த்தம். அந்த லேயரை இன்னும் பெருப்பித்து, `Opacity`-ஐச் சிறிது குறையுங்கள். வளையங்களின் நடு ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால் ஏதோ ஒரு சொடுக்கு குறியிலிருந்து விலகியிருக்கிறது. சோதனை முடிந்ததும் `Posterize` லேயரை அழித்துவிடுங்கள்.

நூறு வீதத்தில் பெருப்பித்துப் பார்த்தால் இன்னொரு வித்தியாசம் தெரியும்: கடலிலும் மணலிலும் கமெராவின் மணிமணியான இரைச்சல் இருக்கும், நீங்கள் செய்த ஒளியில் அது மழுங்கியிருக்கும். மேலே ஒரு லேயரை 50 வீதச் சாம்பலால் நிரப்பி, `Overlay` முறையில் வைத்து, `Filter > Noise > Add Noise` என்பதில் `Gaussian`, `Monochromatic` இரண்டையும் தெரிவு செய்து 2 வீதம் கொடுங்கள். கடலின் மேல் அது மிகையாகத் தெரிந்தால் அங்கே மாஸ்க்கால் மறைத்துக்கொள்ளலாம். இந்த இரைச்சலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நீங்கள் சேமிக்கப்போகும் `JPEG` எட்டு பிட் கோப்பு என்பதால், 16 பிட்டில் வழவழப்பாக இருந்த சரிவு அதில் பட்டைகளாகப் பிரியப் பார்க்கும். இரைச்சல் அந்தப் பட்டைகளின் ஓரங்களைக் கலைத்துவிடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்புவீர்கள் என்றால் அங்கே மேலும் ஒருமுறை நசுக்கப்படும் என்பதால், அதற்கான பிரதியை முன்கூட்டியே சிறிதாக்கி, சிறிதாக்கிய பிறகு இரைச்சலை 3 வீதமாகச் சேர்த்து அனுப்புங்கள், அல்லது கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள்.

`GIMP` பயன்படுத்துபவர்களும் இதே வழியில் போகலாம். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து அதில் உயர் பிட் ஆழம் உண்டு. `Image > Precision` என்பதில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அங்கே நேர்கோட்டு ஒளியளவிலும் வேலை செய்யத் தெரிவு இருப்பதால், அதைத் தெரிவு செய்தால் மேலே சொன்ன எண்கள் பொருந்தா, ஒளி வேறு அளவில் விழும். `Opacity`-களை மாற்றி, நடுவில் 247, 233, 194-க்குக் கிட்டிய நிறம் வரும்வரை சரிசெய்துகொள்ளுங்கள்.